மேனேஜரின் முதல் கேள்வியை வைத்து ரிப்போர்ட்டைச் சரிசெய்வது: அட்டவணையா, புல்லட்டா, சார்ட்டா?

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதி யூனிட்டில் வேலை எனக்கு. வாரக் கூட்டத்துக்குப் போகும் ரிப்போர்ட்டுகள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் மேனேஜரிடம் போகும். லைன் சூப்பர்வைசர், செக்கிங், பேக்கிங், மெர்ச்சண்டைசர் என்று யார் அனுப்பினாலும் கோளாறு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். எண்கள் சரியாக இருக்கும், அவற்றை வைத்திருக்கும் விதம் தப்பாக இருக்கும். அட்டவணையாக வரவேண்டியது சார்ட்டாக வந்திருக்கும், சார்ட்டாக வரவேண்டியது எட்டு புல்லட்டாக வந்திருக்கும்.

எது தப்பு என்று கண்டுபிடிக்க ரிப்போர்ட்டை உற்றுப் பார்க்க வேண்டாம். அதைப் பார்த்ததும் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள தலைப்புகள் அந்தக் கேள்விகள்தான். உங்களுக்கு வந்த கேள்வி எதுவோ, நேராக அங்கே போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத திருத்தம் முதலில் வரும், நேரமும் பணமும் பிடிப்பது கடைசியில் வரும்.

எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆறு தையல் லைன், எட்டு வாரம். தைத்த 100 பீஸில் எத்தனை பீஸ் செக்கிங்கில் ஆல்ட்டருக்கு, அதாவது திருத்தித் தைப்பதற்கு, திரும்பியது என்பதுதான் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஆனால் இந்த வடிவத்தை எந்தத் தையல் ஃப்ளோரிலும் பார்க்கலாம்.

| லைன் | வாரம் 1 | வாரம் 4 | வாரம் 8 |
|---|---|---|---|
| 6 | 9.1 | 8.8 | 9.0 |
| 4 | 3.2 | 4.4 | 6.8 |
| 2 | 5.0 | 5.2 | 4.9 |
| 1 | 4.1 | 4.0 | 4.0 |
| 5 | 3.6 | 3.9 | 3.7 |
| 3 | 2.9 | 3.1 | 3.0 |

லைன் 6-இல் புதிதாகச் சேர்ந்தவர்கள் தைக்கிறார்கள். அங்கே ஆல்ட்டர் அதிகம், ஆனால் எட்டு வாரமாக அசையவில்லை. லைன் 4 அப்படியில்லை. இன்னும் முதலிடத்துக்கு வரவில்லை, ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. மேனேஜர் இன்று கவனிக்க வேண்டியது லைன் 4-ஐ. அவர் பார்வை அங்கே போகிறதா, லைன் 6-இலேயே நின்றுவிடுகிறதா என்பதை நாம் எந்த வடிவத்தில் கொடுக்கிறோம் என்பதே முடிவு செய்கிறது.

## "இது ஏறுதா, இறங்குதா?"

அட்டவணை கொடுத்த பிறகு இந்தக் கேள்வி வந்தால், அவருக்குத் தேவைப்பட்டது போக்கு. நீங்கள் கொடுத்தது அளவு. ஆனால் உடனே சார்ட் போட ஓடாதீர்கள். பாதி நேரம் அட்டவணையைத் திருத்தினாலே போதும்.

முதலில் பார்க்க வேண்டியது: எண்கள் படிக்கிற நிலையில் இருக்கின்றனவா? கணினியிலிருந்து இறக்கிய ஷீட்டில் 6.8137 என்று இருக்கும். அதை 6.8 ஆக்குங்கள். ஏரன்பெர்க் என்ற பிரிட்டிஷ் புள்ளியியல் நிபுணர் 1977-லேயே இதைச் சொல்லிவிட்டார்: மாறுகிற இலக்கம் இரண்டை மட்டும் வைத்துக்கொள், வரிசைகளை அளவுப்படி அடுக்கு. லைன் எண் 1, 2, 3 என்று அடுக்கினால் தேடுவதற்கு வசதி. ஆல்ட்டர் அளவுப்படி அடுக்கினால் ஒப்பிடுவதற்கு வசதி. கூட்டத்தில் யாரும் தேடப்போவதில்லை. அப்புறம், வாரங்கள் இடமிருந்து வலமாகப் பழையது முதல் புதியது வரை போகிறதா என்று பாருங்கள். சில மென்பொருள்கள் புதியதை முதலில் தரும். அப்படியே ஒட்டினால் ஏற்றம் இறக்கமாகத் தெரியும்.

அடுத்தது: வித்தியாசத்துக்கு ஒரு பத்தி. எட்டாம் வாரத்திலிருந்து முதல் வாரத்தைக் கழித்து வலது ஓரத்தில் வையுங்கள். நம் உதாரணத்தில் லைன் 6-க்கு −0.1, லைன் 4-க்கு +3.6, மற்ற நான்குக்கும் 0.1-க்குள். இந்த ஒரு பத்தியே கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். வித்தியாசப் பத்தியை வைத்து அடுக்கினால் லைன் 4 தானாக மேலே வந்து உட்காரும். பத்து கூட்டத்தில் ஆறில் வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

இன்னும் போதவில்லை என்றால்: வரிசைக்குள்ளேயே குட்டிக் கோடு. எக்செலில் Insert, Sparklines, Line. ஒவ்வொரு லைன் பக்கத்திலும் எட்டு வாரம் ஒரு சின்னக் கோடாக வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. எக்செல் ஒவ்வொரு குட்டிக் கோட்டுக்கும் தனித்தனி அளவுகோல் வைத்துக்கொள்ளும். 2.9-க்கும் 3.1-க்கும் நடுவில் ஆடும் லைன் 3, 3.2-இலிருந்து 6.8-க்கு ஏறிய லைன் 4 போலவே மேலும் கீழும் துள்ளும். Sparkline பட்டையில் Axis போய், குறைந்த அளவு, அதிக அளவு இரண்டுக்கும் Same for All Sparklines என்று மாற்றுங்கள். மாற்றாமல் அனுப்பினால் ஆறு லைனும் தீப்பிடித்து எரிவது போலத் தெரியும்.

கடைசியாக: கோட்டுச் சார்ட். எட்டு வாரத்துக்கு மேல் போகிறது, நடுவில் எந்த வாரம் திரும்பியது என்பதும் முக்கியம் என்றால் இது அவசியம். ஆறு லைனுக்கு ஆறு கலர் கொடுக்காதீர்கள். ஐந்தைச் சாம்பல் நிறத்தில் விட்டு, லைன் 4-ஐ மட்டும் அழுத்தமான நிறத்தில் போடுங்கள். பெயர்களைப் பெட்டியில் அடைத்து ஓரத்தில் வைப்பதற்குப் பதில் கோட்டின் முனையிலேயே எழுதிவிடுங்கள். கண் கோட்டுக்கும் பெட்டிக்கும் ஓடி ஓடித்தான் கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் போகிறது.

இரண்டு மூன்று வாரம் மட்டுமே இருந்தால் சார்ட் வேண்டாம். "3.2-இலிருந்து 4.4 ஆனது" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

## "சரி, எண் எவ்வளவு?"

இது முந்தையதற்கு நேர் எதிர். சார்ட்டைக் காட்டினீர்கள். அவர் திரையை நோக்கிக் குனிந்து, விரலை வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தி அளவுகோலைத் தேடுகிறார். அவருக்கு வேண்டியது அளவு, நீங்கள் படம் காட்டிவிட்டீர்கள்.

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று: இந்த எண்ணை மேனேஜர் கூட்டத்துக்கு வெளியே யாரிடமாவது சொல்லப்போகிறாரா? பையரிடம் போனில், முதலாளியிடம் காரில், பேங்க்காரரிடம். ஆம் என்றால் அட்டவணை. சார்ட்டைப் பார்த்து யாரும் போனில் எண் சொல்ல முடியாது.

இன்னொரு அடையாளம் அலகு. ஷிப்மென்ட் நிலவரத்தில் ஆர்டர் எண், பீஸ், மீதி, தேதி, பெனால்ட்டித் தொகை என்று ஐந்து வகை அலகு கலந்து வரும். பீஸும் தேதியும் ரூபாயும் ஒரே அளவுகோலில் நிற்காது. இதற்குச் சார்ட் போட முயன்றவர்கள் எல்லாம் கடைசியில் மீதிப் பீஸை மட்டும் வரைந்து, மற்ற நான்கையும் வாயால் சொல்லிக்கொண்டு நிற்பார்கள். அட்டவணைதான், வேறு வழியில்லை. தேதிப்படி அடுக்கி, தவறிய ஆர்டர்களை மட்டும் தடித்த எழுத்தில் வையுங்கள்.

திருத்தம் எளிதிலிருந்து: சார்ட்டில் நான்கைந்து பட்டைகள்தான் இருந்தால் எண்ணைப் பட்டையின் மேலேயே எழுதி, பக்கத்து அளவுகோலை எடுத்துவிடுங்கள். பன்னிரண்டு பட்டைக்கு மேல் எண் எழுதினால் நெரிசல், அப்போது சார்ட்டை எடுத்துவிட்டு அட்டவணை. போக்கும் வேண்டும், எண்ணும் வேண்டும் என்றால் மேலே சார்ட், அதே பக்கத்தில் கீழே அட்டவணை. அடுத்த பக்கத்தில் வைத்தால் யாரும் திருப்ப மாட்டார்கள்.

வட்டச் சார்ட் பற்றி ஒரு வார்த்தை. ஆல்ட்டர் காரணங்கள் ஏழையும் ஏழு துண்டாக வெட்டி அனுப்புவது இங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 14 சதவீதத் துண்டையும் 17 சதவீதத் துண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது என்பதால், எல்லாரும் துண்டின் மேல் எண்ணை எழுதுகிறார்கள். எண்ணைப் படித்துத்தான் புரிய வேண்டும் என்றால் படம் எதற்கு? படுக்கைப் பட்டையாக மாற்றி, பெரியது மேலே வரும்படி அடுக்குங்கள். இரண்டே துண்டு, ஒன்று பாதிக்கு மேல் என்றால் மட்டும் வட்டத்தை விட்டுவைக்கலாம்.

## "இந்த வாரம் என்ன இப்படி விழுந்திருக்கு?"

விழவே இல்லை என்பதுதான் பிரச்சினை. சார்ட் நடக்காத சம்பவத்தைக் காட்டுகிறது. இந்த அறிகுறி வந்தால் வடிவத்தை மாற்றும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்.

லீவு வாரம். தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், யூனிட் மூடியிருக்கும். அந்த வாரம் தைத்தது பூஜ்யம், அதனால் ஆல்ட்டர் விகிதம் என்று ஒன்றே கிடையாது. ஆனால் ஷீட்டில் யாரோ `""` என்று சூத்திரத்தில் வெற்றிடம் கொடுத்திருப்பார்கள். எக்செல் அதை எழுத்து என்று எடுத்துக்கொண்டு, கோட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடும். கோடு தரையில் மோதி எழுந்ததைப் பார்த்து "அந்த வாரம் தரம் பிரமாதமா இருந்திருக்கே" என்று ஒருவர் சொல்ல, அதற்கு இன்னொருவர் காரணமும் சொல்வார். தைத்த பீஸ் B பத்தியிலும் ஆல்ட்டர் C பத்தியிலும் இருந்தால் இப்படிப் போடுங்கள்:

```
=IF(B2=0, NA(), C2/B2*100)
```

ஷீட்டில் `#N/A` என்று அசிங்கமாகத் தெரியும், சார்ட்டில் கோடு விழாது. அதே ஷீட்டை அட்டவணையாகவும் அனுப்புவதாக இருந்தால் சார்ட் இல்லாத தனிக் காப்பி எடுத்து, அதில் மட்டும் அந்தக் கட்டத்தில் "லீவு" என்று கையால் எழுதிவிடுங்கள்.

பட்டையின் அடி. பட்டைச் சார்ட்டில் மதிப்புகள் நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே அளவுகோலைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் நடுவில் வெட்டிவிடும். 940 பீஸும் 980 பீஸும் பக்கத்தில் நிற்கும்போது ஒன்று மற்றதில் பாதி உயரம் போலத் தெரியும். Format Axis திறந்து Minimum இடத்தில் 0 என்று நீங்களே எழுதுங்கள். கோட்டுச் சார்ட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே நாம் பார்ப்பது சாய்வு, பட்டையில் பார்ப்பது நீளம்.

மறைத்த வரிசைகள். ஷீட்டில் யாராவது ஃபில்ட்டர் போட்டோ வரிசையை மறைத்தோ விட்டுப் போயிருந்தால், சார்ட்டிலும் அந்த வாரங்கள் காணாமல் போகும். அனுப்பும் முன் வாரங்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இந்த மூன்றும் இல்லை, இரண்டு பக்கமும் இரண்டு அளவுகோல் வைத்த சார்ட் என்றால், அதை இரண்டாகப் பிரித்து ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். இடப்பக்கம் ஆல்ட்டர், வலப்பக்கம் உற்பத்தி என்று ஒரே சட்டத்தில் வைத்தால் இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஏதோ நடந்தது போலத் தோன்றும். அளவுகோலை நகர்த்தினால் அந்த இடமும் நகரும். அதில் செய்தி எதுவும் கிடையாது.

## "படிச்சிட்டேன். இப்ப நான் என்ன செய்யணும்?"

இது புல்லட் பட்டியலின் கோளாறு. நான் அதிகம் திருத்துவதும் இதைத்தான், ஏனென்றால் புல்லட் போட யோசிக்கவே வேண்டாம். சூப்பர்வைசர் ஒருவர் லைன் 4 பற்றி அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

- லைன் 4-இல் ஆல்ட்டர் அதிகரித்துள்ளது
- லைக்ரா கலந்த துணி ஓடுகிறது
- ஊசி மாற்றவில்லை
- ஸ்கிப் ஸ்டிச் அதிகம்
- ஒரு டைலர் லீவு

ஐந்தும் உண்மை. ஆனால் எது எதனால் என்று எங்கேயும் இல்லை. மேனேஜர் கடைசிப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு, "ஆள் வந்தா சரியாகிடுமா?" என்று கேட்டார். கேட்டதில் அவர் மீது தப்பில்லை. புல்லட் போட்டால் ஐந்தும் சம கனமாகத்தான் தெரியும்.

இதற்கு மூன்று சோதனை.

முதலாவது, இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் "அதனால்" என்று போட்டுப் படியுங்கள். பொருந்தினால் அவை புல்லட் இல்லை, ஒரே வாக்கியம். மேலே உள்ளதைச் சேர்த்து எழுதினால்: "லைன் 4-இன் ஆல்ட்டர் எட்டு வாரத்தில் 3.2-இலிருந்து 6.8 ஆனது. மூன்றாம் வாரம் லைக்ரா கலந்த துணி ஏறியது, ஊசி பழையபடியே இருக்கிறது, அதனால் தையல் விட்டுவிட்டு விழுகிறது. திரும்பியதில் பெரும்பாலானவை ஸ்கிப் ஸ்டிச்." டைலர் லீவு கடைசி வாரம்தான். ஏற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்தப் புள்ளியையே எடுத்துவிட்டோம்.

இரண்டாவது, ஒவ்வொரு புள்ளியும் ஒரே மாதிரி தொடங்குகிறதா? "லைன் 1-இல் 4.0", "லைன் 2-இல் 4.9", "லைன் 3-இல் 3.0" என்று போனால் அது வேஷம் போட்ட அட்டவணை. வேஷத்தைக் கலைத்துவிடுங்கள்.

மூன்றாவது, எண் எத்தனையாவது படியில் ஒளிந்திருக்கிறது? புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் சின்னப் புள்ளி என்று போகும் ஸ்லைடில் முக்கியமான எண் அடியில் சிக்கிக்கொள்ளும். இதன் விலை என்ன என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் கொலம்பியா விண்கலம். 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் அதில் இறந்தார்கள். கிளம்பும்போது இறக்கையில் மோதிய நுரைத் துண்டு ஆபத்தா இல்லையா என்று, விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் நாசா நிர்வாகிகளுக்கு ஒரு ஸ்லைடு காட்டினார்கள். பழைய சோதனைகளில் மோதவிட்ட துண்டு 3 கன அங்குலம், உண்மையில் மோதியதாக அவர்கள் கணக்கிட்டது 1920 கன அங்குலம். இந்த ஒப்பீடு ஸ்லைடின் கடைசியில், சின்ன எழுத்துப் புள்ளியாக இருந்தது. தலைப்போ நிம்மதி தரும் தொனியில் இருந்தது. விபத்து விசாரணைக் குழுவின் அறிக்கை இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்து விமர்சித்தது. சோதனைத் துண்டு 3, மோதிய துண்டு 1920 என்று இரண்டு வரி அட்டவணை போட்டிருந்தால் அந்த எண் அப்படி ஒளிந்திருக்க முடியாது.

அப்படியானால் புல்லட் எதற்குத்தான் ஆகும்? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத, தனித்தனியாக "சரி" அல்லது "வேண்டாம்" சொல்லக்கூடிய விஷயங்களுக்கு. லைன் 4 விஷயத்தில் மேலே சேர்த்து எழுதிய வாக்கியங்களுக்குக் கீழே இரண்டே இரண்டு வைத்தோம்:

- லைன் 4 முழுக்க முனை உருண்ட பால் பாயின்ட் ஊசிக்கு மாற்ற அனுமதி
- மாற்றிய பின் இரண்டு வாரம் ஆல்ட்டரைத் தினக் கணக்காக எடுக்க ஒரு செக்கர்

இரண்டுக்கும் அங்கேயே பதில் கிடைத்தது. ஒன்றை முடித்துத்தான் அடுத்தது என்றால் புல்லட்டை விட்டுவிட்டு 1, 2, 3 போடுங்கள்.

## "போன்ல ஒண்ணும் தெரியலையே"

வடிவம் சரி, திரை சின்னது. அனுப்பும் முன் உங்கள் போனிலேயே ஒரு தரம் திறந்து, பெரிதாக்காமல் படியுங்கள். ஒன்பது பத்தி அட்டவணை போனில் எறும்பு வரிசை. நாலு பத்திக்கு மேல் இருந்தால் முதல் வாரம், கடைசி வாரம், வித்தியாசம் என்று சுருக்கிவிட்டு, முழு ஷீட்டைத் தனியாக இணையுங்கள். பிரின்ட் எடுத்துப் பார்ப்பவர் என்றால் கருப்பு வெள்ளையில் ஒரு காப்பி எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக வரும். அந்த இரண்டு நிறத்தையும் பிரித்தறிய முடியாதவர்களும் உண்டு, நிறத்தோடு சேர்த்துப் பெயரையும் எழுதிவிடுவது பத்திரம்.

## "அக்கவுண்ட்ஸ் வேற எண் சொல்றாங்களே?"

இந்தக் கேள்வி வந்தால் அட்டவணை, புல்லட், சார்ட் எதை மாற்றியும் பலனில்லை. ஆனால் வெளியே ஆள் கூப்பிடும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: மொத்தச் சதவீதத்தை எப்படிப் போட்டீர்கள்?

நம் உதாரணத்தில் எட்டாம் வாரத்தின் ஆறு சதவீதத்தையும் கூட்டி ஆறால் வகுத்தால் 5.2 வரும். ஆனால் புதியவர்கள் தைக்கும் லைன் 6 நாளுக்கு 400 பீஸ்தான் எடுக்கிறது, மற்ற ஐந்தும் 1000 வீதம் எடுக்கின்றன என்று வையுங்கள். திரும்பிய பீஸ் 260, தைத்தது 5400, ஆக 4.8. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஒருவர் சராசரிக்குச் சராசரி எடுத்துவிட்டார். தைத்த பீஸ் B பத்தியிலும் திரும்பியது C பத்தியிலும் இருந்தால் மொத்த வரிக்கு இதைத்தான் போட வேண்டும்:

```
=SUM(C2:C7)/SUM(B2:B7)*100
```

இதற்குப் பிறகும் எண் ஒட்டவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஆல்ட்டர் என்று எதை எண்ணுகிறோம், ஒரே பீஸ் இரண்டு தரம் திரும்பினால் ஒன்றா இரண்டா, வாரம் ஞாயிறில் தொடங்குகிறதா திங்களிலா என்பதெல்லாம் ஷீட்டில் தீராது. ஈஆர்பி மென்பொருளைப் பார்த்துக்கொள்பவரையும் அக்கவுண்ட்ஸ் ஆளையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். அது முடியும் வரை ரிப்போர்ட்டில் ஒரு எண்தான், அதன் கீழே "செக்கிங் பதிவேட்டின்படி" என்று ஒரு வரி.

## "இது நிஜமான ஏற்றமா, சும்மா ஆடுதா?"

லைன் 4 மாதிரி எட்டு வாரமும் ஒரே பக்கம் போனால் சந்தேகம் வராது. லைன் 2 போல 5.0, 5.2, 4.9 என்று ஆடும்போதுதான் இந்தக் கேள்வி வரும். வழக்கமான கோட்டுச் சார்ட்டால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இயல்பான ஆட்டத்துக்கு மேலும் கீழும் எல்லை போட்டுக் காட்டும் கட்டுப்பாட்டுச் சார்ட் வேண்டும். வால்டர் ஷூஹார்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1924 மே 16-ஆம் தேதி தன் மேலதிகாரிக்கு அனுப்பிய ஒரு பக்கக் குறிப்பில்தான் அது முதலில் வந்தது. அந்தப் பக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு படம், மீதி விளக்கம்.

எல்லைக் கோட்டை நீங்களாக உத்தேசமாகப் போடாதீர்கள். சதவீதத்துக்கு எல்லை கணக்கிடும்போது அந்தந்த வாரம் எத்தனை பீஸ் பார்த்தார்கள் என்பதும் உள்ளே வர வேண்டும். 400 பீஸ் லைனுக்கு எல்லை அகலமாகவும் 1000 பீஸ் லைனுக்குக் குறுகலாகவும் வரும். இதற்குத் தரக்கட்டுப்பாட்டில் பயிற்சி பெற்றவர் வேண்டும். யூனிட்டில் அப்படி ஒருவர் இருந்தால் ஒரு மத்தியான வேலை, இல்லையென்றால் வெளியிலிருந்து ஆலோசகர். அந்தச் செலவுக்கு நான் வைத்திருக்கும் அளவு இது: மேனேஜர் இந்த எண்ணை வைத்து ஒரு லைனை நிறுத்தப்போகிறார், மெஷின் வாங்கப்போகிறார், அல்லது பையருக்கு எழுத்தில் பதில் தரப்போகிறார் என்றால் கூப்பிடுங்கள். வாரக் கூட்டத்தில் பேசிவிட்டுப் போகும் எண் என்றால், வித்தியாசப் பத்தியோடு விட்டுவிட்டு இன்னும் நாலு வாரம் பாருங்கள்.